எழுத்தில்லாத பட்டை

மிருகக்காட்சிசாலை அலுவலகத்தில் நான் முப்பத்தோரு வருஷம் பதிவெழுத்தராக இருந்தேன். அந்த முப்பத்தோரு வருஷமும் நான் சொன்னதை ஒருவரும் நம்பியதில்லை. ஒரு நெருப்புக்கோழி இரண்டு வருஷம் எங்களுக்குத் தபால் கொண்டுவந்து கொடுத்தது என்றேன். நம்பவில்லை. முழங்கால் வலி வந்த பிறகுதான் அதை அந்த வேலையிலிருந்து நிறுத்தினோம் என்று விளக்கிச் சொன்னேன். அப்போதும் நம்பவில்லை. போகட்டும். சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. ஒன்றே ஒன்றுதான் அச்சில் ஏறியது. அது ஒரு நீர்யானை.

நடந்தது இதுதான். ஒரே நாளில் இரண்டு இளம் நீர்யானைகள் வந்து இறங்கின. இரண்டும் பெண். இரண்டும் வெவ்வேறு ஆற்றில் பிடித்தவை, ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பூசணி, தாழி என்று பெயர் வைத்தோம். அப்போதிருந்த இயக்குநர் குளக்கரைக்கு வந்து எண்ணினார். பூசணி இந்தப் பக்கம் தலையைத் தூக்கிற்று, தாழி நடுவில் தூக்கிற்று, பூசணி முழுகிப் போய் அந்தப் பக்கம் எழுந்தது. "மூணு," என்றார் இயக்குநர். நான் இரண்டு என்றேன். அவர் என்னைப் பார்த்தார். என் பேச்சு எவ்வளவு தூரம் செல்லும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்று என்றே எழுதினேன். 341 பூசணி, 343 தாழி, நடுவில் 342. கண்ணுக்குத் தெரியாததால் அதற்கு அமாவாசை என்று பெயரிட்டேன். குறிப்பு என்ற இடத்தில் "அடக்கமான சுபாவம், பெரும்பாலும் நீருக்கடியில்" என்று எழுதினேன்.

அமாவாசை ஒன்றரை வருஷம் நன்றாக இருந்தது. வருடாந்தரப் பரிசோதனையில் மருத்துவர் "மூன்றும் நலம்" என்று கையெழுத்துப் போட்டார். அந்த வருஷம்தான் முதல் விலங்குப் பதிவேடு புத்தகமாக அச்சானது. நாற்பது பிரதி. அடுத்த இயக்குநர் குளத்தைத் தூர்வார உத்தரவிட்டார். தண்ணீரை வடித்ததும் கணக்கு இரண்டில் நின்றது. நாற்பது பிரதியையும் திரும்ப வாங்கிக் கூழாக்கினார்கள். உண்மையில் முப்பத்தொன்பது, ஒன்றை ஒட்டகம் தின்றுவிட்டது. 342ஐ எடுத்துவிட்டு மறுபடி அச்சடித்தார்கள். நான் கெட்ட பெயரோடு வேலையில் தொடர்ந்தேன். அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்ததுதான் என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இதெல்லாம் முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை. போன மாதம், ஓய்வு பெற்றிருந்த என்னைத் திரும்பக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

பழைய பதிவேட்டைக் கணினியில் ஏற்ற வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு பக்கம், இரண்டாயிரத்துச் சொச்சம் விலங்குகள். அதற்கென்று ஒரு புரோகிராமர் அம்மா வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் இரண்டு கண்ணாடி தொங்கும், மூன்றாவது மூக்கில் இருக்கும். தீவனக் கிடங்கின் மாடியில் அவருக்கு இடம் கொடுத்திருந்தார்கள். கீழே உலர்ந்த புல், மேலே ஸ்கேனர், நடுவில் தும்மல். கணினி எடுத்துக் கொடுப்பதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுவது என் வேலை.

புத்தகத்தைப் பார்த்ததும் அந்த அம்மா முதலில் கேட்டது: "ஏன் சார், ஒரு கோடு கூடவா போடல?"

உண்மைதான். அட்டவணையில் குறுக்குக் கோடும் கிடையாது, நெடுக்குக் கோடும் கிடையாது. கோடு போட்டால் பார்க்கச் சிறைச்சாலை மாதிரி இருக்கிறது, இங்கே கம்பி ஏற்கெனவே நிறைய இருக்கிறது என்று அந்த முதல் இயக்குநர் சொல்லிவிட்டார். அதனால் ஒரு விலங்கின் வரிசைக்கு வெள்ளைப் பின்னணி, அடுத்த விலங்குக்கு வெளிர் சாம்பல், மறுபடி வெள்ளை என்று பட்டை பட்டையாக அச்சடித்தார்கள். மனிதக் கண்ணுக்கு அதுவே போதும்.

"எனக்குப் போதும். இதுக்குப் போதாதே," என்று கணினியைத் தட்டினார்.

அவர் முதலில் செய்தது, ஒவ்வொரு எழுத்து வரியையும் ஒரு வரிசை என்று எடுத்துக்கொண்டது. ஒரு விலங்குக்குக் குறிப்பு மூன்று வரி ஓடினால் அது மூன்று விலங்காயிற்று. எங்கள் ஒட்டகச்சிவிங்கி தலை தனியாக, கழுத்து தனியாக, "வயிற்றுப்போக்கு உண்டு" என்பது தனி விலங்காக வந்து நின்றது. அடுத்து, வரிகளுக்கு நடுவே இடைவெளி எங்கே அதிகமோ அங்கே வரிசை முடிகிறது என்று பார்த்தார். அச்சகத்துக்காரர் தாளை மிச்சம் பிடிக்க எல்லா வரியையும் ஒரே இடைவெளியில் நெருக்கி வைத்திருந்தார். முழுப் பக்கமும் ஒரே விலங்காக வந்தது. அதற்கு நாற்பது கால்.

"அப்ப பட்டைதான் சார் வழி," என்றார்.

பட்டையும் உடனே கிடைத்துவிடவில்லை. எங்கள் அலுவலகம் முன்பே ஒரு தடவை புத்தகம் முழுக்க ஸ்கேன் எடுத்து வைத்திருந்தது, வெறும் கறுப்பு வெள்ளையில். கறுப்பா வெள்ளையா என்று இரண்டே பதில் சொல்லத் தெரிந்த கருவியிடம் வெளிர் சாம்பலைக் காட்டினால் வெள்ளை என்றுதான் சொல்லும். பட்டைகள் மொத்தமும் காணாமல் போயிருந்தன. நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் சாம்பல் நிறப் படிகள் தெரியும்படி மறுபடி ஸ்கேன் எடுத்தார்.

பிறகு அவர் செய்ததை என்னையும் பக்கத்தில் உட்கார்த்திக் காட்டினார். பக்கத்தை மேலிருந்து கீழாக மயிரிழை மயிரிழையாகக் குறுக்கே வெட்டிக்கொள்கிறார். ஒவ்வொரு இழையிலும் எந்த நிறம் அதிகம் என்று பார்க்கிறார். எழுத்து எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் அது கொஞ்ச இடம்தான். அதிக இடம் பின்னணிக்குத்தான். ஆக எழுத்தை விட்டுவிட்டு அடியில் இருக்கும் நிறம் மட்டும் கிடைக்கும். அதை வரைந்தால் கோட்டை மதில் மாதிரி ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். ஏற்றம் மாறுகிற இடம்தான் ஒரு விலங்கு முடிந்து அடுத்தது தொடங்கும் இடம்.

"பைண்டிங் பக்கம் நிழல் விழுந்து வெள்ளையே சாம்பலாத் தெரியுதேம்மா?" என்றேன்.

"அதான் இந்த நிறம்னா சாம்பல், அந்த நிறம்னா வெள்ளைன்னு மொட்டையாச் சொல்லல. பக்கத்துல இருக்கறதை விட இருட்டா, வெளிச்சமான்னு மட்டும் பாக்கறேன்."

"தாள் கொஞ்சம் சாஞ்சிருந்தா?"

"ஒரு இழையில பாதி வெள்ளை, பாதி சாம்பல் வந்து எல்லை குழம்பிடும். முதல்ல நிமித்திட்டுத்தான் அளக்கறேன். சார், நீங்க இவ்வளவு கேள்வி கேக்கறீங்களே, வீட்ல எப்படிச் சமாளிக்கிறாங்க?"

"நான் சொல்றதை நம்ப மாட்டாங்க. அதனால கேள்வி மட்டும்தான் கேப்பேன்."

நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் மூன்று நாளில் முடிந்தது. நான் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டேன். நீர்யானைப் பக்கத்துக்கு வந்தபோது அதைப் படிக்க எனக்கு மனமில்லை. பழைய அவமானத்தின் மேல் எதற்குக் கண்ணை ஓட்ட வேண்டும்? படிக்காமலே கையெழுத்துப் போட்டுப் புரட்டிவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் செய்த ஒரே சோம்பேறித்தனம் அதுதான் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

திங்கட்கிழமை காலை மாடிப்படியில் தடதடவென்று சத்தம். நீர்யானைப் பராமரிப்பாளர் ஏறி வந்தார். ஐம்பது வயது, இடுப்பு வரை ரப்பர் காலணி, எந்நேரமும் கால் ஈரம். அவரை இப்போது எல்லோரும் பொண்ணு வீட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பூசணியின் மகள் மத்தளம் அவர் வளர்ப்பு. பதினோரு வயது. பூசணி இரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனதிலிருந்து மத்தளம் குளத்தில் தனி. தீனி பாதியாகக் குறைந்துவிட்டது, பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. வேறொரு காட்சிசாலையிலிருந்து அதற்கு ஒரு ஆண் நீர்யானையை வியாழக்கிழமை லாரியில் அனுப்புவதாக முடிவாகியிருந்தது. அதன் பெயர் பீப்பாய். எங்கள் தாழியை முன்பு அங்கே அனுப்பியிருந்தோம், அதன் மகன்.

"அண்ணே, கெடுத்தாங்க காரியத்தை! ரெண்டும் அண்ணன் தங்கச்சியாம்!" என்றார் பொண்ணு வீட்டுக்காரர்.

"யார் சொன்னது?"

"உங்க கம்ப்யூட்டர் சொல்லுதாம். டாக்டரம்மா ஸ்க்ரீன்ல சிவப்பா எழுதியிருக்கு. ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க, சேர்த்து வைக்கக் கூடாதாம். வியாழக்கிழமை லாரி காலியா வருமாம். மத்தளத்தை ஏத்திக்கிட்டுப் போயிடுமாம், எங்கயோ கூட்டமா வெச்சிருக்கற இடத்துக்கு. குளத்துல வாத்து விடப் போறாங்களாம்." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். காலணியிலிருந்து தண்ணீர் வடிந்தது. "பதினோரு வருஷம்ணே. அதுக்குப் பல்லு தேய்ச்சு விட்டது நான். என் வீட்டுக்காரிக்கே நான் கண்ணாடி எடுத்துக் கொடுத்ததில்ல."

புரோகிராமர் அம்மா பக்கத்தைத் திரையில் விரித்தார். 341 என்ற வரிசை. பெயர்: பூசணி தாழி. பிடித்த இடம்: இரண்டு ஆறு. குறிப்பு: "இடது காது கிழிந்தது. சாது. யாரிடமும் பழகும். வலது காது கிழிந்தது. முரடு. யாரையும் அண்ட விடாது."

"பேரு பூசணித்தாழின்னு நினைச்சுட்டேன். நல்லாத்தானே இருந்தது," என்றார் அவர்.

"ஒரே ஆளு சாதுவாவும் இருக்கு, முரடாவும் இருக்குன்னு எழுதியிருக்கே, அது இடிக்கலியா?"

"எங்க மாமனாரும் அப்படித்தான் சார்."

நடந்தது இப்போது எனக்குப் புரிந்தது. பூசணியின் பட்டை வெள்ளை. நடுவில் அமாவாசையின் பட்டை சாம்பல். தாழியின் பட்டை வெள்ளை. சாம்பல் பட்டையை உருவி எடுத்துவிட்டால் வெள்ளையும் வெள்ளையும் ஒட்டிக்கொள்ளும். நிறம் மாறவே இல்லை, அதனால் எல்லையும் இல்லை. கணினிக்கு அது உயரமான ஒரே வரிசை. முதல் கட்டத்தில் மேலே 341, கீழே 343 என்று இரண்டு எண். இந்தப் புத்தகத்தில் வேறு காட்சிசாலையிலிருந்து வந்த விலங்குக்கெல்லாம் அதன் பழைய எண்ணைக் கீழே போட்டிருப்போம். ஆகவே கணினி 343ஐப் பூசணியின் பழைய எண் என்று குறித்துக்கொண்டது. பீப்பாயின் தாளில் "தாய்: உங்கள் 343" என்று இருந்தது. கணினி 343ஐத் தேடி, 341க்குப் போய், பூசணியைத் தாயாக்கிவிட்டது. அந்தப் பக்கத்தில் படிக்காமல் போட்ட என் கையெழுத்து அழகாக இருந்தது.

மூன்று பேரும் மருத்துவரம்மாவின் அறைக்குப் போனோம். ஓய்வு பெற அவருக்கு எட்டு மாதம் இருந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் அவரை எனக்குத் தெரியும். நெடுக்காக, ஒல்லியாக, எதற்கும் அவசரமாகக் கையெழுத்துப் போடுகிறவர். இப்போது எதற்கும் அவசரப்படுவதில்லை.

"டாக்டரம்மா, அது ஒரு வரிசை இல்ல. ரெண்டு. நடுவுல ஒண்ணு இருந்துது, எடுத்துட்டாங்க," என்றேன்.

"நடுவுல என்ன இருந்துது?"

"342. அமாவாசை."

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். அந்த "மூன்றும் நலம்" கையெழுத்து அவருடையது. இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். கரையில் நின்றே பரிசோதித்தார், அந்த நாளில் மழை. அவர் வேலைக்குச் சேர்ந்து நாலாவது வாரம்.

"அண்ணே, வேண்டாம்ணே, இப்ப போய்க் கதை விடாதீங்க," என்று பொண்ணு வீட்டுக்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "என் பொண்ணு வாழ்க்கை இது."

"கதை இல்லப்பா. நான் இல்லாத நீர்யானையை எழுதினேன். அதை எடுத்தாங்க. இது உண்மை."

"இல்லாத நீர்யானை இருந்துது, அது உண்மை. கேட்டீங்களா டாக்டரம்மா? இவரு பேச்சை நம்பித்தான் நாம உட்கார்ந்திருக்கோம்."

மருத்துவரம்மா சன்னலைப் பார்த்தார். "எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல," என்றார். பிறகு, "உங்க வாய்ப்பேச்சை வெச்சு ரெண்டு விலங்கைச் சேர்க்க முடியாது. உறவு இருந்து குட்டி போட்டா, ஊனமாப் பொறக்கும், யாரு பதில் சொல்றது? புத்தகத்துலயே ரெண்டு வரிசைன்னு காட்டுங்க. தாள்ல காட்டுங்க. புதன் மத்தியானம் வரைக்கும் லாரிக்காரங்களுக்கு நான் ஒண்ணும் சொல்லல."

படியிறங்கும்போது புரோகிராமர் அம்மா சொன்னார்: "அவங்களுக்கு ஞாபகம் இருக்கு சார்."

"எப்படிம்மா சொல்றீங்க?"

"ஞாபகம் இல்லாதவங்க, நீர்யானைக்கு ஏன் அமாவாசைன்னு பேரு வெச்சீங்கன்னு கேப்பாங்க."

செவ்வாய்க்கிழமை முழுக்க அவர் அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு போராடினார். நான் யோசனை சொன்னேன், அவர் ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"பட்டை இவ்வளவு உயரமா இருக்கே. அஞ்சு வரி," என்றேன்.

"பக்கம் எண்பத்தெட்டுல ஒரு முதலைக்கு ஏழு வரி சார். அது கடிச்ச ஆளுங்க பேரு பூரா எழுதியிருக்கீங்க. உயரம் சாட்சி ஆகாது."

"342ங்கற எண்ணே காணோமே?"

"புத்தகத்துல நூத்தி எழுபது எண்ணு காணோம். செத்துப் போனது, வேற இடத்துக்குப் போனது."

"ஒரே பட்டையில ஒரே கட்டத்துல ரெண்டு எண்ணு."

"முன்னூறு இடத்துல இருக்கு. அதான் பழைய எண்ணுன்னு நானே விதி எழுதினேன். இந்த ஒரு இடத்துல மட்டும் அந்த விதி பொய்யுன்னு சொல்ல எனக்கு ஏதாவது வேணும். உங்களுக்காகச் சொல்லக் கூடாது. தாள் சொல்லணும்."

பொண்ணு வீட்டுக்காரர் மணிக்கொரு தரம் மேலே வந்து நின்றார். திரையை எட்டிப் பார்த்தார். நின்றுவிட்டுப் போனார். படியெல்லாம் ஈரம்.

நாலு மணிக்கு அந்த அம்மா என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "சார், அந்தப் பட்டையை அச்சகத்துல எப்படி எடுத்தாங்க? பக்கத்தையே மறுபடி கோத்தாங்களா?"

"இல்ல. நான் கூடவே நின்னேன், தண்டனை மாதிரி. அச்சுக்கு எடுத்த பக்கத்தோட ஃபிலிமை மேசையில விளக்கு மேல வெச்சு, பிளேடால 342ஐ அப்படியே குறுக்கே கீறி எடுத்தாரு. கீழ்ப் பாதியை மேல தள்ளி ஒட்டிட்டாரு."

"கையால?"

"கையால. அவருக்குக் கை நடுங்கும். எனக்கு என்ன வருத்தம்னா..."

அவர் என் வருத்தத்தைக் கேட்கவில்லை. திரையில் எதையோ நிறுத்தினார், எதையோ அழித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், யாரையோ திட்டுவது போல. தன்னைத்தான். "அச்சுல சாம்பல்னு ஒரு மையே கிடையாது சார். பொடிப் பொடியா கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். அப்படியே அளந்தா ஒரு இழை கறுப்பு, ஒரு இழை வெள்ளைன்னு குதிக்கும். அதனால படத்தை முதல்ல மங்கலாக்கிப் புள்ளியையெல்லாம் ஒண்ணாக் கரைச்சேன். அப்புறம், ஒரு எழுத்து வரியை விட மெலிசா எந்தப் பட்டை வந்தாலும் அது அழுக்குன்னு தூக்கிப் போட்டுட்டேன். ரெண்டு தடவை துடைச்சிருக்கேன்."

"துடைக்கறது நல்லதுதானே?"

"ஏதாவது மெலிசா மிச்சம் இருந்திருந்தா, முதல் துடைப்புல மங்கியிருக்கும், ரெண்டாவதுல போயிருக்கும்."

புத்தகத்தை ஸ்கேனரில் கவிழ்த்து, இந்த முறை நாலு மடங்கு நுணுக்கத்தில் எடுத்தார். மங்கலாக்கவில்லை. துடைக்கவும் இல்லை. மறுபடி இழை இழையாக எண்ணி வரைந்தபோது மதில் கரடுமுரடாக வந்தது, எலி கடித்த மாதிரி. மேலே வெள்ளை, கீழே வெள்ளை. 341க்கும் 343க்கும் நடுவே சரியாக ஒரு சின்னப் பள்ளம். ஒன்பது இழை அகலம். வேறு பட்டைகள் இருநூறு முந்நூறு இழை.

இரண்டு பேரும் தும்மினோம். தும்மல் நின்ற பிறகும் பள்ளம் அங்கேயே இருந்தது.

"தூசியா இருக்கும்," என்றேன். மகிழ்ச்சி வந்தால் எனக்கு எதையும் நம்பத் தோன்றாது.

"பாத்துடலாம்." புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து மறுபடி எடுத்தார். ஸ்கேனரின் கண்ணாடியில் அழுக்கு இருந்தால் அது அதே இடத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. புத்தகத்தோடு சேர்ந்து தலைகீழாயிற்று. ஆக அது தாளில் இருக்கிறது. அட்டவணையின் இடது ஓரத்தில் மற்றப் பட்டைகள் எங்கே தொடங்குகின்றனவோ அங்கே தொடங்கி, வலது ஓரத்தில் அவை முடிகிற இடத்தில் முடிந்தது. மடிப்பாகவோ கறையாகவோ இருந்தால் ஓரம் பார்த்து நிற்குமா? கழுத்தில் தொங்கிய ஒரு கண்ணாடியை எடுத்து மூக்குக் கண்ணாடியின் மேல் வைத்துத் தாளையே குனிந்து பார்த்தார். அது உருப்பெருக்கி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "புள்ளி. அதே புள்ளி, அதே சாய்வு," என்றார்.

என்னிடம் கொடுத்தார். நானும் பார்த்தேன். பிளேடு கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. சாம்பல் பட்டையின் மேல் ஓரத்தில் ஒரு கீற்று, நகத்தின் அழுக்களவு, வெட்டப்படாமல் பூசணியின் காலடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அமாவாசையின் மிச்சம் அவ்வளவுதான். முப்பது வருஷத்தில் நான் அதைக் கண்ணால் பார்த்தது இதுவே முதல் முறை.

அவர் உடனே எழுந்து கைதட்டவில்லை. புத்தகம் முழுக்க அதே நுணுக்கத்தில் எடுத்து அதே மாதிரி எண்ண வேண்டும் என்றார். இந்த மாதிரிக் கீற்று எல்லாப் பக்கத்திலும் இருந்தால் அது அச்சகத்தின் பழக்கம், சாட்சி ஆகாது. புதன் காலை பதினொன்றரை வரை எடுத்தோம். அவர் எடுத்தார், நான் தாளைப் புரட்டினேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஓரத்துக்கு ஓரம் ஓடுகிற எழுத்தில்லாத கீற்று ஒரே ஓர் இடத்தில்தான்.

மருத்துவரம்மா உருப்பெருக்கியை வாங்கி அந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார். புரோகிராமர் அம்மா மதில் படத்தை மேசையில் விரித்து விளக்கினார். பொண்ணு வீட்டுக்காரர் வாசலில் நின்றார், உள்ளே வந்தால் தரை நனையும் என்று.

"இந்த மெலிசான பட்டை," என்றார் மருத்துவரம்மா, தலை நிமிராமல். "இதை உங்க கம்ப்யூட்டர் ஒரு விலங்குன்னு எடுத்துக்குமா?"

"எடுத்துக்காது மேடம். உள்ள ஒரு எழுத்து கூட இல்ல. எழுத்து இல்லாத பட்டை வரிசை ஆகாது. மேல இருக்கறது முடிஞ்சுது, கீழ இருக்கறது தொடங்குதுன்னு மட்டும் சொல்லும்."

"இங்க என்ன இருந்துதுன்னு எங்கயும் எழுத வேண்டியதில்ல?"

"தேவையில்ல. இதுல தெரியாது. தெரியாததை நான் எழுத மாட்டேன்."

மருத்துவரம்மா அப்போது என்னைப் பார்த்தார். நான் கூரையில் மின்விசிறியைப் பார்த்தேன். அதற்கு மூன்று இறக்கை.

"உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

சொல்ல எனக்கு நிறைய இருந்தது. ஒரு மழை நாள், ஒரு குடை, கரையில் நின்று ஒரு பெண் தூரத்திலிருந்தே எண்ணிக்கொண்டு போட்ட கையெழுத்து. சொன்னால் முதல் முறையாக என்னை எல்லோரும் நம்பவும் கூடும். "இல்ல டாக்டரம்மா," என்றேன். "அச்சகத்துக்காரருக்குக் கை நடுங்கும். அவ்வளவுதான்."

அவர் பேனா மூடியைக் கழற்றினார். "341, 343 தனித்தனி வரிசைகள். பொதுவான தாய் இல்லை," என்று எழுதினார். ஒருமுறை படித்தார், மறுபடி படித்தார், அதற்குப் பிறகே கையெழுத்திட்டார்.

வாசலில் பொண்ணு வீட்டுக்காரருக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "அப்ப முறைப் பையன்தானா?" என்றார்.

"முறையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அன்னியம். அதான் நல்லது," என்றார் மருத்துவரம்மா.

"அன்னியமா?" அவருக்கு அதிலும் ஒரு கவலை வந்துவிட்டது. "குணம் எப்படியோ, யாருக்குத் தெரியும்? தாய் முரடுன்னு வேற எழுதியிருக்கே அண்ணே."

"அது நான் எழுதினது. என்னை எப்ப நம்பியிருக்கே?"

வியாழக்கிழமை பத்து மணிக்கு லாரி வந்தது. பீப்பாய் பின்பக்கமாகத்தான் இறங்குவேன் என்று ஒரு மணி நேரம் நின்றது. இறங்கி நேராகத் தண்ணீருக்குள் போய் நடுக்குளத்தில் தலையைத் தூக்கியது. மத்தளம் சுவரைப் பார்த்தபடி இருந்தது. பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. பொண்ணு வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. "பிடிக்கலையோ?" என்று என்னைக் கேட்டார், புரோகிராமர் அம்மாவைக் கேட்டார், லாரி ஓட்டுநரையும் கேட்டார். ஓட்டுநர், தான் ஒட்டகம்தான் அதிகம் ஏற்றியவர் என்றும் இதைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

இரண்டே முக்காலுக்கு வெயில் குளத்தின் பெரும்பகுதிக்கு வந்தது. சுவர் ஓரம் மட்டும் நிழல். பீப்பாய் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்து, ஒரு உடம்பு தூரத்தில் நின்றது. மத்தளம் திரும்பிப் பார்த்தது. பிறகு சுவரோடு ஒட்டி நெருங்கி, நிழலில் பாதியை விட்டது. பீப்பாய் அதில் வந்து படுத்தது. இரண்டு முதுகு, நடுவே கொஞ்சம் தண்ணீர்.

பொண்ணு வீட்டுக்காரர் காலணியைச் சரிசெய்துகொண்டு எழுந்து, இரண்டு பேருக்குப் புல் எடுக்கக் கிடங்குக்குப் போனார்.